குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்: கடகடப்பது எது, இழுக்காதது ஏன்?

எங்கள் வீட்டுக் குளியலறையில், வென்டிலேட்டர் ஓட்டையில் பொருத்திய ஆறு அங்குல பிளாஸ்டிக் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று இருக்கிறது. காலை ஐந்தரைக்கு யார் ஸ்விட்ச்சைப் போட்டாலும் வீடே விழித்துக்கொள்ளும். தகர டப்பாவுக்குள் கோலிக்குண்டைப் போட்டு ஆட்டியதுபோல ஒரு கடகடப்பு. போதாக்குறைக்கு, குளித்து முடித்து அரை மணி ஆனாலும் கண்ணாடியில் நீராவி அப்படியே படர்ந்திருக்கும். ஆக, எங்கள் வீட்டில் இரண்டு புகார்கள். ஃபேன் சத்தம் போடுகிறது என்பது என்னுடையது, அது காற்றை இழுப்பதே இல்லை என்பது மனைவியுடையது.

இரண்டும் ஒரே கோளாறுதான் என்று சொன்னவர், எங்கள் தெருமுனையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. ஃபேனைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம் என்று கேட்கப் போனவனிடம் அவர் முதலில் ஃபேனைக் கேட்கவில்லை.

“சத்தம் எங்க வருதுன்னு பாக்காதீங்க தம்பி. எப்ப வருதுன்னு பாருங்க. ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணிட்டு, இறக்கை நிக்கிற வரைக்கும் காதக் குடுங்க.”

வீட்டுக்கு வந்து அப்படியே செய்தேன். காசு செலவில்லாத சோதனைதான், ஆனால் பாதி விஷயத்தை அதுவே சொல்லிவிடும். ஸ்விட்ச்சை அணைத்த அந்த நொடியே சத்தம் பட்டென்று நின்றால், அது மின்சாரத்தால் வரும் ரீங்காரம். காயிலைச் சுற்றியிருக்கும் இரும்புத் தகடுகள் தளர்ந்து அதிர்வதாக இருக்கலாம். இறக்கை மெதுவாகச் சுற்றி ஓயும் வரை சத்தமும் கூடவே ஓய்ந்தால், கோளாறு சுற்றுகிற பொருளில் இருக்கிறது. இறக்கையில் அழுக்கு, இறக்கை கூட்டில் உரசுவது, அல்லது பேரிங். இறக்கை சுற்றிக்கொண்டிருக்கும்போதே சத்தம் மட்டும் தாளம் தப்பி, விட்டுவிட்டு வந்தால், வெளிப்புறத்தில் தொங்கும் ஷட்டர் பட்டைகளைச் சந்தேகிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் கேட்டவை இரண்டு. தாளம் தப்பிய கடகடப்பு மேலே, அதற்கு அடியில் ஒரு சீரான உறுமல். உறுமல் இறக்கையோடு சேர்ந்து ஓய்ந்தது. இன்னொன்றும் கவனித்தேன். இறக்கை மூன்றே எண்ணிக்கையில் நின்றுவிட்டது. இந்த எண் பிறகு தேவைப்படும் என்பதால், பென்சிலால் ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்துச் சுவரில் ‘3’ என்று எழுதி வைத்தேன்.

ஷட்டரின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரையும் ஏமாற்றுவது அதுதான். ஃபேனின் வெளிப்பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கும். ஃபேன் ஓடும்போது காற்று அவற்றைத் தூக்கிப் பிடிக்கும். நின்றதும் தம் எடையாலேயே விழுந்து மூடிக்கொள்ளும். காற்றின் வேகம் சரியாக இருந்தால் பட்டைகள் முழுதாகத் தூக்கப்பட்டு அசையாமல் நிற்கும், சத்தமே வராது. காற்று பலவீனமாகிவிட்டால் அவை பாதியில் நின்று, எழுந்தும் விழுந்தும் படபடக்கும். நான் கேட்ட கோலிக்குண்டுச் சத்தம் இதுதான். ஷட்டர் கெட்டுப்போகவில்லை, அதைத் தூக்கிப் பிடிக்க ஃபேனுக்குத்தான் தெம்பில்லை. பாதி திறந்த பட்டைகளோ, வெளியே போகிற கொஞ்சக் காற்றையும் மறித்துக்கொண்டு நின்றன. என் புகாரும் மனைவியின் புகாரும் சந்தித்த இடம் அது.

அப்படியானால் ஃபேனின் தெம்பு எங்கே போயிற்று? கழற்றுவதற்கு முன் இன்னொரு சோதனை இருக்கிறது. குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, ஃபேனின் முன் வலையில் ஒரு டிஷ்யூ தாளை வையுங்கள். நல்ல ஃபேன் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விழுந்துவிட்டால், கதவை ஒரு சாண் திறந்துவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள். இப்போது ஒட்டிக்கொண்டால் ஃபேன் நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே வரக் காற்றுக்கு வழியில்லை என்று அர்த்தம். ஆறு அங்குல ஃபேனின் வாய் சுமார் 177 சதுர சென்டிமீட்டர். இரண்டரை அடிக் கதவின் அடியில் ஒரு சென்டிமீட்டர் சந்து இருந்தால் அது 75 சதுர சென்டிமீட்டர்தான், பாதிகூட இல்லை. ஈரம் வெளியே வரக் கூடாதென்று கதவுக்கடியில் ரப்பர் பட்டை ஒட்டியவர்கள் வீட்டில் எவ்வளவு பெரிய ஃபேன் போட்டாலும் இழுக்காது. உள்ளே வராத காற்றை எந்த ஃபேனும் வெளியே அனுப்ப முடியாது அல்லவா? எங்கள் வீட்டில் கதவைத் திறந்தும் தாள் விழுந்தது. எனவே ஃபேனைக் கழற்றுவது என்று முடிவாயிற்று.

ஸ்விட்ச்சை மட்டும் அணைத்துவிட்டு ஃபேனில் கை வைக்கக் கூடாது. பழைய வயரிங்கில் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரல் ஸ்விட்ச் வழியாகப் போயிருந்தால், ஃபேன் நின்றிருந்தாலும் உள்ளே மின்சாரம் இருக்கும். எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, ஒயரில் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கழற்றினேன். தரையை முதலில் துடைத்துக் காயவிட்டேன். ஈரத் தரையில் ஸ்டூல் போட்டு ஏறுவது ஷாக்கைவிட ஆபத்து. எந்த ஒயர் எங்கே என்று செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன். ஃபேனில் கண்டன்சர் இருந்தால் அதன் முனைகளை வெறும் விரலால் தொடவேண்டாம்.

முன் வலை இழுத்ததும் வந்துவிட்டது. அடுத்தது இறக்கை. இங்கேதான் பலர் இறக்கையை உடைக்கிறார்கள். இறக்கையின் நடுவில் கூம்பு போன்ற ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதுதான் இறக்கையைப் பிடித்திருக்கும் நட். பல பிளாஸ்டிக் ஃபேன்களில் அதற்கு இடதுமரை. ஓடும்போது தானாக இறுகிக்கொண்டே போகட்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் வழக்கத்துக்கு மாறாக, கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். நாம் பழக்கதோஷத்தில் எதிர்ப்பக்கம் திருகித் திருகி இறுக்கி, கடைசியில் மரையையே வழுக்கவிடுவோம். மூடியின் மேல் அம்புக்குறி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. சமையலறையில் இருக்கும் இரும்பு ஃபேன் என்றால் கதை வேறு. அங்கே இறக்கையின் கழுத்தில் ஒரு சிறிய திருகு ஷாஃப்ட்டை அழுத்திப் பிடித்திருக்கும். அந்த ஒரு திருகு தளர்ந்தாலே ஃபேன் கடகடக்கும். பேரிங் போச்சு என்று அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு.

கையில் வந்த இறக்கையைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. வெறும் தூசி என்றால் ஊதினால் போய்விடும். குளியலறைத் தூசியோ துண்டின் நூல்பிசிறு, முகப்பவுடர், தலைமுடி எல்லாம் நீராவியில் குழைந்து, காய்ந்து, மறுபடி குழைந்து சாம்பல் நிறக் கம்பளியாக ஒட்டிக் கிடப்பது. அது இறக்கையின் முன் விளிம்பில்தான் அதிகம் படியும். காற்றை வெட்ட வேண்டிய மெல்லிய விளிம்பு தடித்து மொண்ணையாகிவிடுவதால், இறக்கை சுற்றினாலும் காற்று நகராது.

அழுக்கு எல்லா இறக்கையிலும் சமமாகவும் படிவதில்லை. ஓரிடத்தில் கட்டியாக நிற்கும், அல்லது ஒரு கட்டி மட்டும் பிய்ந்து விழுந்துவிடும். இந்த ஃபேன் நிமிடத்துக்கு 1,350 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து ஆறு சென்டிமீட்டர் தள்ளி ஒரே ஒரு கிராம் அழுக்கு கூடுதலாக இருந்தால், அது ஷாஃப்ட்டை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை, கிட்டத்தட்ட 120 கிராம் எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். அந்த எடை ஒரே பக்கம் தொங்கினாலும் பரவாயில்லை. நொடிக்கு இருபத்திரண்டு முறை சுற்றிச் சுற்றி இழுக்கிறது. பேரிங் தேய்வது இப்படித்தான் தொடங்குகிறது. இறக்கையைக் கழுவுவது அழகுக்காக மட்டும் இல்லை.

கழுவுவதில் பெரிய வித்தை கிடையாது. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் எடுத்து, பாத்திரம் துலக்கும் திரவம் கொஞ்சம் விட்டு, இறக்கையையும் வலையையும் இருபது நிமிடம் ஊறப் போட்டேன். பிறகு பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போயிற்று. கொதிநீர் ஊற்றினால் இறக்கை கோணிக்கொள்ளும், அப்புறம் கூட்டில் உரசும். தின்னர், ஆசிட் வகைகள் பிளாஸ்டிக்கை வெடிக்க வைக்கும். ஷட்டர் பட்டைகளின் ஓரத்து ஊசிகளில் உப்புப் படிந்திருந்தால் வினிகரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, விரலால் தூக்கி விட்டுப் பாருங்கள், தானாக விழ வேண்டும். அந்த ஊசிகளுக்கு எண்ணெய் போடாதீர்கள், எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மோட்டார்மேல் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது. காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால், அதன் காற்றுத் துளைகளை மட்டும் தட்டிச் சுத்தம் செய்தேன். அந்தத் துளைகள் அடைத்தால் மோட்டார் சூடாகும், சூட்டில் எண்ணெய் சீக்கிரம் காயும்.

எல்லாம் ஈரம் காய்ந்ததும் மாட்டி ஓட்டினேன். முன்னைவிட நன்றாக இழுத்தது, கடகடப்பு பாதியாகக் குறைந்தது, உறுமல் மட்டும் அப்படியே இருந்தது. அணைத்து எண்ணினேன். ஐந்து. சுத்தமான இறக்கை இவ்வளவு சீக்கிரம் நிற்கக் கூடாது. ஏதோ ஒன்று ஷாஃப்ட்டைப் பிடித்து இழுக்கிறது.

மறுபடி எம்.சி.பி.யை இறக்கி, இறக்கையைக் கழற்றிவிட்டு, ஷாஃப்ட்டின் நுனியை விரல்களால் பிடித்தேன். அண்ணாச்சி சொல்லிக் கொடுத்த மூன்று அசைவுகள் உண்டு. முதலில் ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் தள்ளி இழுப்பது. ஒரு மில்லிமீட்டருக்குள் மெல்ல நகர்ந்தால் அது இயல்பு, அந்த இடைவெளி வேண்டும் என்றே விடப்பட்டது. அடுத்தது பக்கவாட்டில் ஆட்டுவது. இங்கே அசைவே தெரியக் கூடாது. ‘டிக் டிக்’ என்று கையில் தட்டுப்பட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது. இதைத்தான் கடைக்காரர்கள் ‘ஆட்டம்’ என்பார்கள். கடைசியாக, மெதுவாக விரலால் சுற்றுவது. வழுக்கிக்கொண்டு சுற்றினால் நல்லது. தேனில் சுற்றுவதுபோல் இழுத்தால் எண்ணெய் பிசினாகிவிட்டது. மணல் நெறிபடுவதுபோல் இருந்தால், உள்ளே இருப்பது குண்டு பேரிங், அது போய்விட்டது.

எனக்குப் பக்கவாட்டில் ஆட்டம் தெரியவில்லை, சுற்றும்போது பிசின்போல இழுத்தது. அண்ணாச்சியிடம் சொன்னேன்.

“அப்ப புஷ் காஞ்சிருக்கு, தேயல. கொண்டாங்க.”

இந்தச் சிறிய ஃபேன்கள் பலவற்றில் குண்டு பேரிங் கிடையாது. ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வெண்கலக் குழாய் இருக்கும், அதற்குப் பெயர் புஷ். பார்க்க வெறும் உலோகத் துண்டு, ஆனால் அது உருக்கி வார்த்தது இல்லை. உலோகத் தூளை அச்சில் அழுத்தி, உருகாத அளவுக்குச் சூடாக்கி ஒட்டவைத்தது. அதனால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்திருக்கும். மொத்தக் கன அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடம்தான், அதில் எண்ணெய் ஊறியிருக்கும். ஷாஃப்ட் சுற்றிச் சூடாகும்போது எண்ணெய் வெளியே கசியும். நின்று ஆறும்போது புஷ்ஷே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அமெரிக்காவின் க்ரைஸ்லர் கார் கம்பெனி 1930களில் ‘ஆயிலைட்’ என்ற பெயரில் பரப்பிய நுட்பம் இது. புஷ்ஷைச் சுற்றிக் கம்பளித் துணிபோல ஒரு வளையமும் இருக்கும், அது கூடுதல் எண்ணெய்க் கிடங்கு. சில வருடங்களில் இரண்டும் வற்றிவிடும்.

அண்ணாச்சி மோட்டாரின் இரண்டு மூடிகளிலும் உடம்பிலும் சேர்த்து முதலில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார், மறுபடி அதே நிலையில் பொருத்துவதற்காக. நீள போல்ட்டுகளைக் கழற்றி மூடியைத் தூக்கியதும் ரோட்டார் கையோடு வந்தது. ஷாஃப்ட்டில் இருந்த சின்னச் சின்ன ஃபைபர் வாஷர்களை வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வைத்தார். “இதுல ஒண்ணு இடம் மாறினாலும் சத்தம் வரும்” என்றார். ரோட்டாரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று கீறியிருந்தால், புஷ் தேய்ந்து ரோட்டார் தாழ்ந்து உரசுகிறது என்று பொருள். என்னுடையதில் கீறல் இல்லை. ஷாஃப்ட்டில் மட்டும் கறுப்பாக, வார்னிஷ்போல் ஒரு பிசின். துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்ததும் இரும்பு மின்னியது.

பிறகு தையல் மெஷின் எண்ணெய். கம்பளி வளையத்துக்கு மூன்று நான்கு சொட்டு, புஷ்ஷின் உள்பக்கம் ஒரு சொட்டு, அவ்வளவே. நிறைய விட்டால் சுற்றும்போது தெறித்துக் காயிலில் படும், தூசியும் சேரும். கிரீஸ் தடவினால் புஷ்ஷின் துளைகள் அடைத்துப்போகும். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். ஒரு வாரம் நன்றாக ஓடும், பிறகு அதுவே பிசினாகும், மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். துருவை இளக்கும் ஸ்ப்ரே அடித்தாலும் இதே கதைதான். பழைய பிசினைக் கரைக்க அது உதவும், ஆனால் மிச்சமிருந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். அடித்தால், துடைத்துவிட்டு நல்ல எண்ணெய் விட்டே ஆக வேண்டும்.

மூடியபோது ஒரு வேடிக்கை பார்த்தேன். போல்ட்டுகளை இறுக்கியதும் ஷாஃப்ட் சிக்கிக்கொண்டு சுற்ற மறுத்தது. நான் பதறினேன். அண்ணாச்சி ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் மூடியின் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார், ஷாஃப்ட் விடுபட்டு வழுக்கியது. புஷ் ஒரு கிண்ணத்தில் பந்துபோல உட்கார்ந்திருக்கிறது, மூடும்போது சாய்ந்துவிட்டால் தட்டித்தான் நேராக்க வேண்டுமாம். போல்ட்டுகளையும் ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்.

குண்டு பேரிங் உள்ள ஃபேன் என்றால் எண்ணெய் விட்டுப் பயனில்லை. இருபக்கமும் தகடு மூடிய பேரிங்குக்குள் எண்ணெய் போகாது, நெறிபடத் தொடங்கியதும் மாற்ற வேண்டியதுதான். அதன் பக்கத்தில் எண் பொறித்திருக்கும். உதாரணமாக 608 என்றால் உள்துளை 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மில்லிமீட்டர். அந்த எண்ணைச் சொன்னாலே பேரிங் கடையில் கொடுப்பார்கள். ஆனால் அதைச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். வெளி வளையத்தில் அடி விழுந்தால் புதுப் பேரிங்கும் அன்றே நெறிபடும். அந்த வேலை கடைக்காரருடையது.

பேரிங் நன்றாக இருந்தும் ஃபேன் உம்மென்று நின்று, கையால் தள்ளினால் மட்டும் சுற்றுகிறதா? கண்டன்சர் உள்ள ஃபேன் என்றால் அது பலவீனமாகியிருக்கும். அதே அளவு மைக்ரோஃபேரடில் புதிது போட்டால் சரியாகும். கருகிய வாடை வந்தாலோ, உடம்பைத் தொட்டால் ஷாக் அடித்தாலோ மட்டும் சோதனை எதுவும் வேண்டாம். எம்.சி.பி.யை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். காயில் கறுத்துப்போன ஆறு அங்குல ஃபேனுக்கு மறுபடி காயில் கட்டும் கூலி, புது ஃபேன் விலையை நெருங்கிவிடும். அண்ணாச்சியே அதை வேண்டாம் என்பார்.

அன்று சாயங்காலம் மாட்டி ஓட்டினேன். உறுமல் இல்லை. பட்டைகள் ஒரே மூச்சில் எழுந்து அசையாமல் நின்றன. தாள் வலையில் ஒட்டிக்கொண்டது. அணைத்து எண்ணினேன், பதினான்கு. சுவரில் ‘3’க்குப் பக்கத்தில் ‘5’, அதற்கும் பக்கத்தில் ‘14’. ஃபேனுக்கு ஃபேன் இந்த எண் மாறும், என் பதினான்கு உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. சுத்தம் செய்து எண்ணெய் விட்ட அன்று உங்கள் ஃபேன் எத்தனை எண்ணுகிறதோ, அதுதான் உங்கள் அளவுகோல்.

ஆறு மாதம் கழித்துப் பதினொன்று. அடுத்த கோடையில் ஆறு. இறக்கையைக் கழுவி எண்ணெய் விட்டதும் பதின்மூன்றுக்குத் திரும்பியது, ஆனால் மூன்றே வாரத்தில் மறுபடி ஐந்துக்கு இறங்கிவிட்டது. எண்ணெய் இவ்வளவு சீக்கிரம் போகிறதென்றால் புஷ்ஷால் அதைப் பிடித்து வைக்க முடியவில்லை என்று அர்த்தம். ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டினேன். இந்த முறை அந்த ‘டிக் டிக்’ கையில் தட்டுப்பட்டது. அண்ணாச்சி பழைய புஷ்ஷை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். வட்டமாக இருக்க வேண்டிய துளை, கீழ்ப்பக்கம் தேய்ந்து முட்டை வடிவில் இருந்தது. இரண்டு முனைக்கும் புதுப் புஷ் போட்டுக் கொடுத்தார். இப்போது சுவரில் கடைசியாக இருப்பது ‘15’, அது மனைவி எழுதியது.